புது ஊரில் வழி தவறும் கனவு

கொழும்புத்துறையிலிருந்து வேலை மாற்றலாகி வெள்ளவத்தைக்குக் குடிபோன ஓர் அக்காவுக்கு முதல் கிழமையிலேயே அந்தக் கனவு தொடங்கியது. முன்பின் தெரியாத தெரு, நெருக்கியடிக்கும் சனம். தங்கியிருக்கும் வீடு எந்த ஒழுங்கையில் என்று மறந்துபோய்விட்டது. யாரைக் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள்.

"பார்த்தால் காலி வீதி மாதிரித்தான் இருக்கும் தம்பி. ஆனா என்ரை கையிலை ஒரு உரப்பை இருக்கும். மழையும் பெய்யும்" என்றார்.

உரப்பையும் மழையும் 1995 ஒக்டோபர் 30 இரவுக்குரியவை. அன்று வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. ஒன்பது வயதில் அந்த நெரிசலில் தாயின் கையை விட்டவர் இவர். விடிந்த பிறகே தாயைக் கண்டார்.

இத்தனை வருடம் கழித்து ஏன் இப்போது? புது இடத்தில் முதலிரவு நித்திரையின்போது மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியளவு ஆழ்ந்து உறங்குவதில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நித்திரை அடிக்கடி முறிந்தால் கண்ட கனவும் நினைவில் தங்கும். அத்தோடு, கனவு அண்மைய காட்சியைப் பழைய உணர்வோடு கலந்துவிடும். தெரு புதியது, பயம் பழையது.

வீடு மாறியவர்கள் பலருக்கும் இப்படிக் கனவு வரலாம். இடம் பழகப் பழக அது மங்கிவிடும். ஆனால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்து, வியர்த்து எழுப்பி, படுக்கவே பயமாக்கி, ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் அது போர்க்கால மனவடுவாக இருக்கலாம்.

அதற்கு ஒரு பயிற்சி உண்டு. பகலில் அந்தக் கனவை எழுத வேண்டும். பிறகு விரும்பிய இடத்தில் கதையை மாற்றி, புதிய கதையைத் தினமும் 10 முதல் 20 நிமிடம் விழித்தபடியே மனதில் ஓடவிட வேண்டும். அக்கா மாற்றியது இதுதான்: நெரிசலிலிருந்து விலகி ஒரு கடை வாசலில் ஏறி நிற்கிறார். கடைக்கார அம்மா தமிழில் வழி சொல்கிறார். உரப்பையை அங்கேயே வைத்துவிட்டு நடக்கிறார். கனவு முற்றாக நிற்கவில்லை. கிழமைக்கு நாலு தரம் வந்தது, இப்போது மாதத்தில் ஒரு தரம் வருகிறது.

இது எல்லோருக்கும் பொருந்தாது. காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் குடும்பத்துக்குத் தேடல் இன்னும் முடியவில்லை. அவரைக் கண்டுபிடித்ததாகக் கனவை மாற்றினால், விழித்தெழும்போது இழப்பு இரட்டிப்பாகலாம். அவர்கள் தனியே முயலாமல் உளநல வைத்தியரின் துணையோடு செய்வதே நல்லது. மற்றவர்களும் பயிற்சியின்போது பதற்றம் கூடினால் நிறுத்திவிட வேண்டும். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.