முதுகில் பார் எங்கே உட்கார வேண்டும்?

டீயைக் குடித்துக்கொண்டே பேசுவோம். ஸ்குவாட் பழக வருகிற புதியவர்களில் பலர், பாரை முதுகில் எங்கே வைப்பது என்பதிலேயே தடுமாறுகிறார்கள். கழுத்தடியில் மேலாக வைத்தால் ஹை பார். அங்கிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே இறக்கி வைத்தால் லோ பார். தோள் இறுகிப்போன புதியவர் யார் கேட்டாலும், ஹை பாரில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கான காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு இடங்களையும் உங்கள் உடம்பிலேயே தொட்டுப் பாருங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். பார் அந்த எலும்பின் மேல் ஒருபோதும் உட்காரக் கூடாது. தோள்பட்டைகளைப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கினால், அந்த எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ட்ராப்ஸ் சதை திரண்டு மெத்தை மாதிரி எழும். ஹை பார் உட்காரும் இடம் அதுதான். இப்போது வலது கையை இடது தோளுக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோய்த் தடவுங்கள். தோள்பட்டை எலும்பில் குறுக்காக ஒரு வரம்பு தட்டுப்படும். அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே, தோளின் பின்சதையைத் தொட்டபடி உட்காருவது லோ பார்.

இரண்டு மூன்று விரற்கடை வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். பாரோடு உட்கார்ந்து எழும்போது கீழே விழாமல் நிற்க வேண்டுமானால், பார் எப்போதும் நடுப்பாதத்துக்கு நேர்மேலே இருந்தாக வேண்டும். பார் முதுகில் மேலே இருந்தால், உடம்பை ஓரளவு நிமிர்த்தி வைத்தாலே அந்த நேர்கோடு கிடைத்துவிடும். முழங்கால் முன்னால் போகும், தொடையின் முன்சதை நிறைய வேலை செய்யும். பார் கீழே இறங்கினால், அதை நடுப்பாதத்துக்கு மேல் கொண்டுவர உடம்பை முன்னால் சாய்த்துத்தான் ஆக வேண்டும். இடுப்பு பின்னால் போகும், பிட்டமும் தொடையின் பின்சதையும் கூடுதலாகச் சுமக்கும். பெரும்பாலானவர்களுக்கு லோ பாரில் எடை சற்று அதிகமாகவே ஏறும். பவர்லிஃப்டிங் போட்டிகளில் பலர் லோ பார் பிடிப்பதும், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் செய்கிற ஒலிம்பிக் வெயிட்லிஃப்டர்கள் நிமிர்ந்த உடம்பு தேவை என்பதால் ஹை பாரையே பழகுவதும் இதனால்தான்.

இதுவரை சொன்னது கால், இடுப்பு சம்பந்தப்பட்டது. தோள் இறுகியவருக்குப் பிரச்சினை கையில்தான் தொடங்குகிறது. லோ பாரில் பார் வழுக்கி இறங்காமல் இருக்க, மேல்கை பின்னால் போக வேண்டும், அதோடு தோள் மூட்டு வெளிப்பக்கமாக நன்றாகத் திரும்பவும் வேண்டும். நாள் முழுக்கக் கணினி முன்னால் குனிந்து உட்காருகிறவர்களுக்கு நெஞ்சுச் சதை இறுகி, தோள் முன்னால் வளைந்திருக்கும். அந்தத் திருப்பம் அவர்களுக்கு வராது. தோள் திரும்பாவிட்டால் அந்தக் குறையை மணிக்கட்டும் முழங்கையும் ஈடுகட்ட வேண்டியிருக்கும். மணிக்கட்டு பின்னால் மடங்கி, முதுகு தாங்க வேண்டிய எடையில் ஒரு பங்கு உள்ளங்கையில் இறங்கும்.

எங்கள் ஜிம்மில் ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. லேப்டாப் வேலை. வீடியோ பார்த்து லோ பாரில் ஆரம்பித்து, 40 கிலோ வரை வந்திருந்தார். சில வாரங்களில் முழங்கையின் உட்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. ஸ்குவாட் செய்யும்போது அவ்வளவாகத் தெரியாது. பெஞ்ச் பிரஸ்ஸிலும் புல்-அப்பிலும்தான் சுருக்கென்று குத்தும். அதனால் பைசெப்ஸ் பயிற்சியைக் குறைத்துப் பார்த்திருக்கிறார், வலி போகவில்லை. நான் வெறும் 20 கிலோ பாரை மட்டும் எடுக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்தேன். மணிக்கட்டு மடங்கியிருந்தது, முழங்கை பின்னால் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தது, தலை முன்னால் நீண்டிருந்தது, மேல்முதுகு கூன் போட்டிருந்தது. அவர் பாரை முதுகில் வைக்கவில்லை, கையால் ஏந்திக்கொண்டிருந்தார்.

“லோ பார்லதானே வெயிட் அதிகம் ஏறும்னு சொல்றாங்க, மாஸ்டர்?” என்று கேட்டார்.

“ஏறும் தம்பி, உண்மைதான். ஆனா 40 கிலோவுல உங்க காலுக்கு அது தடையே இல்ல. முழங்கைதான் தடை.”

ஹை பாருக்கு மாற்றி, 30 கிலோவில் ஐந்து ஐந்தாக மூன்று செட் செய்யச் சொன்னேன். கையைத் தோளிலிருந்து ஒரு சாண் தள்ளி அகலமாகப் பிடிக்க வைத்தேன். தோள் இறுகியவர்கள் கையை நெருக்கிப் பிடிக்கக் கூடாது. அகலமாகப் பிடித்தால் தோளுக்குத் திருப்பம் குறைவாகவே தேவைப்படும், மணிக்கட்டும் நேராக நிற்கும். அதற்காக மேல்முதுகைத் தளரவிடக் கூடாது. தோள்பட்டைகளை நெருக்கியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சதை மெத்தை அமுங்கி, பார் கழுத்தெலும்பில் ஏறிவிடும். ஹை பார் கழுத்தில் வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு, பார் அந்த எலும்பின் மேல்தான் இருக்கும். ஸ்பாஞ்ச் உறை தேடுவதற்கு முன் பாரை இரண்டு சென்டிமீட்டர் இறக்கிப் பாருங்கள்.

அவருடைய முழங்கை வலி சில வாரங்களில் அடங்கியது. கூடவே புதிதாக ஒன்று முளைத்தது: கீழே உட்காரும்போது குதிகால் தரையை விட்டு எழும்பியது. ஹை பாரில் முழங்கால் முன்னால் போவதால் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும், அவருக்கு அதுவும் இறுக்கம். ஹை பார் கேட்கும் விலை இது. இரண்டு குதிகாலுக்கும் அடியில் தலா ஒரு 2.5 கிலோ பிளேட்டை வைத்தேன், தொடை தரைக்கு இணையாக இறங்கியது. கணுக்கால், தோள் இரண்டுமே இறுக்கம் என்றால்கூட என் தேர்வு மாறாது. குதிகாலை இப்படி உயர்த்திக்கொள்ளலாம், தோளுக்கு அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது.

லோ பாருக்கு எப்போது போகலாம் என்பதை ஒரு துடைப்பக் கட்டை சொல்லிவிடும். அதை முதுகில் ஹை பார் இடத்தில் வைத்து, கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, மெதுவாகத் தோள்பட்டை வரம்புக்குக் கீழே இறக்குங்கள். மணிக்கட்டு மடங்காமல், தலை முன்னால் நீளாமல், நெஞ்சு சரியாமல் அங்கே அரை நிமிடம் நிற்க முடிந்தால், வெறும் பாரோடு முயலலாம். முடியாவிட்டால், முன்கையை வாசல் நிலையில் ஊன்றி நெஞ்சை முன்னால் தள்ளும் நீட்சியைத் தினமும் செய்யுங்கள், பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். சில மாதங்கள் ஆகலாம். அதுவரை ஸ்குவாட்டை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. பவர்லிஃப்டிங் மேடை ஏறும் எண்ணமில்லாதவர் லோ பாருக்கு வராமலே போனாலும் இழப்பு ஒன்றுமில்லை.

சிலருக்கு ஹை பாரிலேயே கை பின்னால் போகாது. அவர்கள் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துச் செய்யும் காப்லெட் ஸ்குவாட்டில் தொடங்கலாம். கை முன்னால் இருப்பதால் தோளுக்குத் தொந்தரவில்லை. ஆனால் கையைத் தூக்கும்போது தோளுக்குள் கூர்மையாகக் குத்தினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ அது வெறும் இறுக்கம் அல்ல. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும், பார் அப்புறம்.