பட்டியலைப் பூட்டிய பிறகே குலுக்கல்

1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், வியட்நாம் போருக்கு இளைஞர்களை எந்த வரிசையில் அழைப்பது என்று தீர்மானிக்க ஒரு குலுக்கல் நடந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஆண்டின் 366 பிறந்த தேதிகளையும் சிறு குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் குப்பிகளை ஜனவரியில் தொடங்கி மாதவாரியாகப் பெட்டியில் போட்டவர்கள் அவற்றைச் சரியாகக் கலக்கவில்லை. முதல் 195 இடங்களுக்குள் வந்த தேதிக்காரர்கள் அழைக்கப்பட்டார்கள். டிசம்பரின் 31 தேதிகளில் 26 அதற்குள் விழுந்தன.

கணினி இந்தக் கலக்கல் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது. இன்னொன்றைக் கூடவே கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு பெயர் வரும். பிடிக்காவிட்டால் இன்னொரு முறை அழுத்தலாம். வந்த பெயர் முதல் அழுத்தில் வந்ததா, இருபதாவது அழுத்தில் வந்ததா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. முடிவைத் திரையில் காட்டும் காணொளியும் இதற்குச் சாட்சி ஆகாது. ஆகவே நடத்துபவரே நினைத்தாலும் இரண்டாம் முறை எடுக்க முடியாதபடி குலுக்கலை அமைக்க வேண்டும்.

ஒரு புத்தகக் கடை, வாட்ஸ்அப்பில் கேள்விக்குப் பதில் அனுப்புகிறவர்களில் ஒருவருக்கு நூல் தொகுப்பு பரிசு என்று அறிவிக்கிறது என வைத்துக்கொள்வோம். கடைசி நேரம் சனிக்கிழமை இரவு 9 மணி. ஒரே ஆள் மூன்று முறை அனுப்பியிருப்பார், ஒருவர் 9.04க்கு அனுப்பியிருப்பார், கடை ஊழியரின் தம்பியும் அனுப்பியிருப்பார். இவர்களை என்ன செய்வது என்பது அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். வென்றவர் யார் என்று தெரிந்த பிறகு தகுதி பார்க்கத் தொடங்கினால், நியாயமான நீக்கம்கூடச் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். எண்ணுக்கு ஒரு வாய்ப்பு என்று கழித்ததில் 137 பேர் தேறினார்கள் என்று கொள்வோம். யாரை, ஏன் நீக்கினோம் என்பதையும் ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டும். நான் எந்தக் குலுக்கலிலும் முதலில் பார்ப்பது அந்த நீக்கப் பட்டியலைத்தான்.

இனி வரிசை. செய்தி வந்து சேர்ந்த நேரப்படி 1 முதல் 137 வரை எண் போட்டு, பெயரின் முதல் எழுத்தும் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் மட்டும் தெரியும்படி ஞாயிறு காலையே பட்டியலை வெளியிட வேண்டும். முழு எண்ணும் உள்ள கோப்பைக் கடை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு எஸ்.எச்.ஏ-256 என்ற முத்திரையை எடுத்து, பட்டியலோடு சேர்த்து அறிவிக்க வேண்டும். லினக்ஸ் கணினியில் இதற்கு ஒரே வரி:

```
sha256sum list.txt
```

64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சரம் கிடைக்கும். கோப்பில் ஒரு இலக்கத்தை மாற்றினாலும் அந்தச் சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பின்னால் தகராறு வந்தால், நடுவர் ஒருவரிடம் மூலக் கோப்பைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லலாம்.

வெற்றி எண்ணைக் கடை உருவாக்கக் கூடாது, வெளியிலிருந்து வரவேண்டும். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, தன் நியமனக் குழுவுக்குத் தன்னார்வலர்களில் பத்துப் பேரை இப்படித்தான் எடுக்கிறது. அதற்கான முறையை 2004இல் ஆர்.எஃப்.சி. 3797 என்ற ஆவணத்தில் எழுதி வைத்தார்கள்: இனிமேல் வரப்போகும் லாட்டரி முடிவு போன்ற பொது எண்களை முன்கூட்டியே பெயர் சொல்லி அறிவித்துவிட வேண்டும்.

நம் கடை, திங்கட்கிழமை கேரள அரசு லாட்டரியின் முதல் பரிசு எண்ணை எடுத்துக்கொள்வதாகப் பட்டியலோடு சேர்த்தே சொல்லிவிடுகிறது. சீட்டு வாங்க வேண்டியதில்லை; ஆறு இலக்கம் மட்டும் போதும். 482917 வந்தது என்று கொள்வோம். 137ஆல் வகுத்தால் ஈவு 3524, மீதி 129. மீதி பூஜ்யமாகவும் வரலாம் என்பதால் ஒன்றைக் கூட்டுகிறோம்: 130ஆம் எண்ணுக்குப் பரிசு. இதைச் சரிபார்க்கப் பள்ளி மாணவனுக்குக் கணினியே வேண்டாம்.

வகுத்து மீதி எடுப்பதில் ஒரு சின்னச் சாய்வு உண்டு. 100000 முதல் 999999 வரை ஒன்பது லட்சம் எண்கள். அவை 137ஆல் மீதியின்றி வகுபடாது. அதனால் 47 பேருக்கு 6570 எண்களும் மற்ற 90 பேருக்கு 6569 எண்களும் அமையும். பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டே இலக்கம் உள்ள எண்ணை வைத்து 60 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், 40 பேருக்கு மற்றவர்களைப் போல இரு மடங்கு வாய்ப்பு கிடைத்துவிடும்.

லாட்டரி அன்று நடக்காவிட்டால் அடுத்து நடக்கும் நாளின் எண், வென்றவர் ஒரு வாரத்தில் பதில் சொல்லாவிட்டால் பட்டியலில் அவருக்கு அடுத்த எண் என்பவையும் ஞாயிறு அறிவிப்பிலேயே இடம்பெற வேண்டும். ஒரே ஆள் மூன்று சிம் கார்டில் பதில் அனுப்பியிருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் அதைக் கண்டுபிடிக்காது. அதற்குப் பரிசைக் கொடுக்கும்போது, பதில் அனுப்பிய அந்தக் கைபேசியோடு நேரில் வரச் சொல்லலாம். அதுவும் ஓரளவுக்கே உதவும்.