மூன்றரை மணிக்கு ஒரு பர்மிஷன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். சம்பளம் ஏற்றிக் கேட்பதைவிடக் கஷ்டமானது, பிள்ளையின் பள்ளிக்குப் போக இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்பது என்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சூப்பர்வைசர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது புரிந்துவிட்டால், கேட்கும் விதமே மாறிவிடும்.

லைனில் ஒரு டி-சர்ட் பல கைகள் மாறி வருகிறது. ஒருவர் தோள் இணைப்பார், அடுத்தவர் கழுத்துப் பட்டி வைப்பார், பிறகு கை, பக்கவாட்டு, கடைசியில் கீழ் மடிப்பு. நடுவில் ஒரு மெஷின் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பவர்களும் சும்மா உட்கார வேண்டியதுதான். சூப்பர்வைசருக்கு மணிக்கு மணி புரொடக்‌ஷன் கணக்கு காட்டியாக வேண்டும். அதனால், உங்கள் வீட்டு விசேஷம் என்ன என்பதைவிட, அந்த மெஷினில் யார் உட்காருவார் என்ற கேள்விதான் அவர் மனதில் முதலில் எழும். அதற்கு விடை தயாராக இல்லாமல் கேட்கப்படும் பர்மிஷன்தான் பெரும்பாலும் மறுக்கப்படுகிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஓவர்லாக் மெஷினில் தோள் இணைக்கும் ஒரு பெண். மகள் ஏழாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி ஆண்டு விழா, மகள் நடனம் ஆடுகிறாள். ஷிப்ட் முடிவது 5.30 மணிக்கு. இவர் 3.30க்குக் கிளம்ப வேண்டும்.

இந்த லைனில் மிக மெதுவாக நடக்கும் வேலை கழுத்துப் பட்டி என்றும், அதற்கு ஒரு பீஸுக்கு 45 விநாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் லைனிலிருந்து மணிக்கு 80 பீஸ்தான் வெளியே வரும். தோள் இணைக்க 30 விநாடி போதும் என்றால் இவரால் மணிக்கு 120 பீஸ் தைக்க முடியும். மணிக்கு 40 பீஸ் கூடுதல். இவர் இல்லாத இரண்டு மணி நேரத்துக்கு லைனுக்குத் தேவை 160 பீஸ். நாலு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் அது சேர்ந்துவிடும். நாள் முழுக்க ஒரே வேகத்தில் யாராலும் தைக்க முடியாது என்பதால், வியாழன் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. தோள்தான் முதல் வேலை என்பதால், வெட்டிய முன்பாகமும் பின்பாகமும் கட்டிங்கிலிருந்து முன்கூட்டியே வர வேண்டும். அதைச் சொல்லி வாங்கித் தரக்கூடியவர் சூப்பர்வைசர்தான். லைன் அடுத்து எந்த சைஸ் ஓட்டப்போகிறதோ அந்த பண்டிலைத்தான் தைத்து வைக்க வேண்டும். மீடியம் தேவைப்படும் நேரத்தில் லார்ஜ் குவிந்து கிடந்தால் பயனில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் சில பீஸ்களைச் செக்கிங்கில் காட்டி ஓகே வாங்கிக்கொள்வது. தோளில் வைக்கும் நாடா இழுத்துக்கொண்டு போனது தெரியாமல் 160 பீஸ் தைத்துவிட்டால் அத்தனையும் பிரிப்பு வேலைக்குத் திரும்பும். அடுத்த தடவை பர்மிஷன் கேட்க வாய் வராது.

உங்கள் வேலையே லைனின் மெதுவான வேலை என்றால் இந்த வழி உதவாது. கழுத்துப் பட்டி வைப்பவரால் முன்கூட்டிச் சேர்க்க முடியாது, அவர் தைக்கத் தைக்கப் பீஸ் நகர்ந்துவிடும். அவருக்கு மாற்று ஆள் வேண்டும். எல்லா மெஷினும் ஓட்டத் தெரிந்த ஒருவர் பெரும்பாலான கம்பெனிகளில் இருப்பார். அவரை அன்று வேறு லைன் கேட்பதற்குள் நீங்கள் கேட்டாக வேண்டும் என்பதால், நாலைந்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அரை ஷிப்ட் சேர்த்து ஓடுவதானால், தோள் இணைப்பவருக்கும் ஸ்டாக் போதாது, மாற்று ஆள்தான் வழி.

சூப்பர்வைசரிடம் போவதற்கு முன் பள்ளியில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் 4 மணி என்று போட்டிருந்தாலும் தமிழ்த்தாய் வாழ்த்து, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் பேச்சு, பரிசளிப்பு எல்லாம் முடிந்த பிறகே கலை நிகழ்ச்சிகள் தொடங்குவது பல பள்ளிகளின் வழக்கம். மகளின் நடனம் எத்தனையாவது, உத்தேசமாக எத்தனை மணிக்கு என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். ஆறு மணிக்குமேல்தான் என்றால் 3.30 பர்மிஷனே வேண்டாம், அன்று அரை ஷிப்ட் இருக்க மாட்டேன் என்று சொன்னால் போதும். பெற்றோர் கூட்டத்துக்கு வேறு நேரத்தில் ஆசிரியரைப் பார்க்கவோ போனில் பேசவோ வழி கேட்கலாம். மேடையில் பிள்ளை ஆடும் பத்து நிமிடத்தை மாற்ற முடியாது. ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் ஆண்டு விழாவுக்குப் போங்கள் என்றே சொல்வேன்.

கேட்கும் நேரமும் முக்கியம். காலை எட்டரைக்கு யார் வரவில்லை, யாரை எங்கே உட்கார வைப்பது என்று அவர் தவிக்கும்போது போகாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் திங்களன்று வராமல் போவது அதிகம், அன்று வேண்டவே வேண்டாம். டீ நேரம் முடிந்து லைன் சீராக ஓடும்போது பேச்சு இப்படி இருக்கலாம்:

“அண்ணா, வர்ற வெள்ளிக்கிழமை பாப்பா ஸ்கூல்ல ஆண்டு விழாங்க. மூன்றரைக்குப் போகணுங்க.”

“வெள்ளிக்கிழமை ஷிப்மெண்ட் இருக்குதேம்மா.”

“தெரியுங்ணா. வியாழக்கிழமை காலைலயே கட்டிங் வந்துச்சுன்னா, அஞ்சரை வரைக்கும் ஓடற மாதிரி பீஸ் சேத்தி வெச்சர்றனுங்க.”

காய்ச்சல் என்றோ, ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்றோ சொல்லிப் போவது பழகிப்போன வழி. அதே பள்ளியில் லைனில் இருக்கும் இன்னொருவரின் பிள்ளையும் படிக்கும், மறுநாளே விஷயம் வெளியே வரும். பிறகு நிஜமாகக் காய்ச்சல் வரும் நாளில் நம்ப ஆள் இருக்காது.

சரி என்று சொன்னதோடு விடாமல், சம்பளத்தில் இரண்டு மணி நேரம் பிடிப்பார்களா, அரை ஷிப்டே போகுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர், டோக்கன் எண், வெளியேறும் நேரம் எழுதிச் சூப்பர்வைசர் கையெழுத்திட்ட அவுட் பாஸை அன்று மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். மூன்றரைக்கு அவர் மீட்டிங்கில் இருந்தால் வாட்ச்மேன் கேட்டில் நிறுத்திவிடுவார்.

பிள்ளையை மதுரை, தேனி பக்கம் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே வேலை செய்பவர்களுக்குப் பர்மிஷன் போதாது, முழு நாள் விடுப்பே வேண்டும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில், வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த 240 நாளை 180 ஆகக் குறைத்திருக்கிறது. பழைய சட்டம் இந்த விடுப்பை 15 நாள் முன்பே எழுத்தில் கேட்கச் சொன்னது. ஓரிரு மணி நேரப் பர்மிஷன் வேறு, அது அந்தந்தக் கம்பெனியின் வழக்கத்தைப் பொறுத்தது.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு நாள் முன்பு மாலையில் டைரியில் எழுதி அனுப்பும் தகவல், லைனில் உட்காரும் தாய்க்கு உதவாது. பதினைந்து நாள் முன்பே தேதியையும், எந்த வகுப்பின் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.