தாத்தாவின் பென்ஷனும் பேத்தியின் பி.எஃப்.பும்

தஞ்சாவூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அரசுப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். 2002இல் ஓய்வு பெற்றார். அவருடைய பேத்தி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷம் இருந்துவிட்டு, கல்யாணத்தை ஒட்டி வேலையை விட்டு வந்திருந்தாள். அடுத்த வேலை எப்போது, எந்த ஊரில் என்று தெரியாது. விதிப்படி காத்திருக்க வேண்டிய மாதங்கள் கழிந்ததும் பி.எஃப். பணம் மொத்தத்தையும் எடுத்து ஸ்கூட்டர் வாங்குவதாக இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் பேசியதை இங்கே எழுதக் காரணம், அவள் செய்ய இருந்ததையே வேலை மாறுகிற எத்தனையோ பேர் விவரம் தெரியாமல் செய்கிறார்கள் என்பதுதான்.

“பென்ஷன் பணத்தையுமா எடுக்கிறே?” என்றார் தாத்தா.

“எனக்கு ஏது தாத்தா பென்ஷன்? அது உங்களை மாதிரி கவர்ன்மென்ட்காரங்களுக்குத்தானே?”

“பாஸ்புக்கை எடு, பார்ப்போம்.”

செல்போனில் இருந்த பி.எஃப். பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகைகள் இருந்தன. அவளுடைய பங்கு 1,800 ரூபாய். முதலாளி பங்கு 550. மூன்றாவதாகப் பென்ஷன் பங்கு 1,250.

அவளுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,800, அவள் சம்பளத்தில் பிடித்தது. முதலாளியும் அதே 1,800 கட்டுகிறார். ஆனால் அது முழுசாக அவள் சேமிப்புக் கணக்குக்கு வருவதில்லை. சம்பளத்தில் 8.33 சதவீதம் முதலில் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது. மீதிதான் அந்த 550.

“நாலு வருஷமா இது எனக்குத் தெரியவே தெரியாதே!”

“எனக்கும் பி.எஃப். இருந்துச்சும்மா. ஜி.பி.எஃப்.னு சொல்லுவோம். உங்க அம்மா கல்யாணத்துக்கு அதிலேதான் அட்வான்ஸ் எடுத்தேன். அது என் சேமிப்பு. பென்ஷன் வேற. உனக்கும் அப்படித்தான் ரெண்டு உண்டியல். ஒண்ணு உன் பணம், வட்டி சேரும். இன்னொண்ணுல பணமா சேராது, சர்வீஸாத்தான் சேரும்.”

அவர் சொன்னது சரியான விளக்கம். பென்ஷன் பங்குக்கு அவள் பெயரில் வட்டி ஏறுவதில்லை. அந்தப் பணம் பொதுவான நிதியில் சேர்கிறது. அவளுக்குச் சேர்வது எத்தனை வருஷம் வேலை பார்த்தாள் என்ற கணக்கு மட்டுமே. அதனால்தான் வேலை மாறிக் கணக்கை மாற்றும்போது புதிய பாஸ்புக்கில் பழைய பென்ஷன் தொகை வராமல் போகும். பார்த்துப் பதற வேண்டாம். சர்வீஸ் விவரப் பக்கத்தில் பழைய நிறுவனமும் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

“சரி, 58 வயசு வரைக்கும் வேலை பார்த்தா எவ்வளவு தாத்தா வரும்?”

கணக்கு எளிது. கடைசி அறுபது மாதச் சம்பளத்தின் சராசரியைச் சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். இருபது வருஷம் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம் கூடுதலாகச் சேரும். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000. அது மாறாது என்று வைத்துக்கொண்டால், 23 வயதில் சேர்ந்த பேத்தி 35 வருஷம் இடைவிடாமல் வேலை பார்த்தாலும் மாதம் 7,929 ரூபாய் கிடைக்கும்.

“உங்களுக்கு எவ்வளவு தாத்தா ஆரம்பிச்சுது?”

“கடைசிச் சம்பளம் ஒம்பதாயிரம். அதுல பாதி, நாலாயிரத்து ஐந்நூறு.”

“அப்போ எனக்குத்தான் அதிகம்!”

“ஆரம்பத்தைப் பார்க்காதே. இப்போ எனக்கு நாப்பதாயிரத்துக்கு மேல வருது.”

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். விலைவாசி ஏறும்போது அவருக்கு அகவிலைப்படி ஏறியது. ஊதியக் குழு வந்தபோதெல்லாம் பென்ஷனையும் திருத்தி அமைத்தார்கள். அவருக்குப் பின் பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதற்காக அவர் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்கவில்லை, எல்லாம் அரசின் பொறுப்பு. (அந்த ஏற்பாடு 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் வேலைக்குச் சேர்ந்த அரசு ஊழியர்களுக்கே நின்றுபோனது.) பேத்தியின் 7,929க்கு அகவிலைப்படி கிடையாது. 58 வயதில் வாங்கும் அதே தொகைதான் 78 வயதிலும். தனியார் துறையில் உழைத்தவர்களின் முதுமைக்கு இது போதவே போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

“இவ்வளவு கம்மின்னா எடுத்துட வேண்டியதுதானே? நாலு வருஷத்துப் பென்ஷன் பணம் அறுபதாயிரம் பக்கத்துல வரும் போலிருக்கே.”

நியாயமான கேள்வி. தாத்தா ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். நாலு வருஷத்தை விட்டுக்கொடுத்தால் 58 வயதுக்குப் பிறகு மாதம் 857 ரூபாய் குறையும். அறுபதாயிரத்தை இன்றே எடுத்து முப்பது வருஷம் தொடாமல் நல்ல வட்டியில் வைத்தால் அதைவிட அதிகம் கிடைக்கும். அதை அவர் மறைக்கவில்லை.

“ஆனா நீ வட்டிக்கா போடப்போறே? வண்டியில்ல வாங்கப்போறே! அதுவும் போகட்டும். நீ தொடர்ந்து வேலைக்குப் போவேன்னு எழுதித் தருவியா? குழந்தை பிறக்கும், ஊர் மாறும். இன்னும் ஆறு வருஷம்தான் போக முடிஞ்சுதுன்னு வை.”

இதுதான் அவள் யோசிக்காத இடம். மாதாமாதம் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். நாலும் ஆறும் சேர்ந்தால் பத்து. நாலை இன்று பணமாக எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆறு, அதற்கு மாதப் பென்ஷன் இல்லை. பத்து வருஷத்தைத் தொட்டவருக்கு 58 வயதிலிருந்து மாதம் 2,143 ரூபாய் ஆயுள் முழுக்க வரும். இடையில் வேலையை விட்டு, வருஷங்களைத் துண்டு துண்டாகச் சேர்க்கிற பெண்கள்தான் இந்தப் பத்து வருஷக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோகிறார்கள்.

பணத்தை எடுக்காமல் சர்வீஸை மட்டும் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. பென்ஷன் பணத்தைக் கேட்கப் பயன்படும் அதே படிவம் 10சி-யில், பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்று அதில் இருக்கும். பிறகு வேறு வேலையில் சேர்ந்ததும் அதைக் கொடுத்தால் பழைய வருஷங்கள் புதியவற்றோடு கூடிவிடும்.

சேமிப்பு உண்டியலில் வட்டியோடு ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரம் இருந்தது. ஐந்து வருஷம் முடியாமல் எடுத்தால் அதற்கு வருமான வரிக் கணக்கு வரும். இப்போதைய வட்டி 8 சதவீதத்துக்குச் சற்று மேல். 8 சதவீதமே நிலைத்தாலும் முப்பது வருஷத்தில் அது பதின்மூன்று லட்சத்தை எட்டும்.

“அகவிலைப்படி உனக்குக் கவர்ன்மென்ட் தராது. அந்த வேலையை இந்த வட்டிதான் செய்யணும். நடுவுல எடுத்தா அதுவும் போச்சு.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சர்வீஸ் விவரப் பக்கத்தைத் திறந்தாள். சேர்ந்த தேதி இருந்தது. விட்ட தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“இதை யார் போடணும் தாத்தா?”

“கம்பெனிதான் போடணும். அவங்க போடலேன்னா, கடைசியாப் பணம் கட்டின மாசத்துக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு நீயே போடலாமாம், மாடி வீட்டுத் தம்பி அப்படித்தான் போட்டான். தேதி இல்லாம எந்தப் படிவமும் நகராது. முதல்ல ஓசூருக்குப் போன் போடு.”

அவள் எண்ணைத் தேடினாள். பாட்டி உள்ளேயிருந்து, தாத்தாவின் பென்ஷன் புத்தகம் இருக்கும் தகரப் பெட்டியில் அந்தச் சான்றிதழுக்கும் இடம் இருக்கிறது என்றாள்.