உள்ளுக்குள் பெருக்கினால் போதாதா?

இளங்கலைக் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி தன் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். “சார், குலங்களில் உட்குலம் என்றொன்று வந்தது. வளையத்துக்கு வந்ததும் உள்வளையத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, ஐடியல் என்ற ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அதன் எண்களை வளையத்தின் எந்த எண்ணால் பெருக்கினாலும் விடை உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். உள்ளே இருப்பவற்றைத் தங்களுக்குள் பெருக்கினால் உள்ளேயே இருக்கும் என்பது போதாதா? வெளியே இருப்பவற்றுக்கு இங்கே என்ன வேலை?”

வரையறையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறவருக்கு இந்தச் சந்தேகமே வராது. கேள்வி மிகச் சரியானது. அதற்கான பதில் பள்ளிக்கூடப் பெருக்கலிலேயே இருக்கிறது.

37-ஐ 48-ஆல் பெருக்கினால் விடையின் கடைசி இலக்கம் என்ன? முழுப் பெருக்கலையும் யாரும் செய்வதில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆகவே 6 என்று சொல்லிவிடுகிறோம். 30-ஐயும் 40-ஐயும் தூக்கி எறிந்தது எப்படிச் சரியாயிற்று? 37 என்பது 7+30, 48 என்பது 8+40. பெருக்கினால் நான்கு துண்டுகள் வரும்: 7×8, 7×40, 30×8, 30×40. பின்னால் வரும் மூன்றும் பத்தின் மடங்குகள் என்பதால் கடைசி இலக்கத்தை அவை தொடுவதில்லை.

அந்த மூன்றையும் தனித்தனியே பார்ப்போம். 30×40-இல் இரண்டுமே பத்தின் மடங்குகள். இந்த ஒரு துண்டுக்கு மாணவி சொல்லும் உள்வளைய நிபந்தனை போதும். ஆனால் 7×40-இல் 7 வெளி எண். 30×8-இல் 8 வெளி எண். இவையும் பத்தின் மடங்காக வருவதால்தான் கணக்கு தப்புகிறது. வெளி எண்களுக்கு இருக்கும் வேலை இதுதான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? தசம எண்களை எடுத்துக்கொள்வோம். முழு எண்கள் அவற்றுக்குள் ஓர் உள்வளையம்: கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் முழு எண்ணே வரும். இப்போது முழு எண்களையெல்லாம் பூச்சியமாக எண்ணி, புள்ளிக்குப் பிறகு இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முயல்வோம். கூட்டலில் ஒரு சிக்கலும் இல்லை. பெருக்கலில் மாட்டிக்கொள்வோம். 0.5-உம் 1.5-உம் இந்தக் கணக்கில் ஒன்றே. இரண்டையும் 0.5-ஆல் பெருக்குங்கள். ஒன்றில் 0.25, மற்றொன்றில் 0.75. ஒரே எண்ணைப் பெருக்கி இரண்டு விடை வந்தால் அது பெருக்கலே அல்ல. குற்றவாளி யார் என்றும் தெரிகிறது: நாம் பூச்சியம் என்று ஒதுக்கிய 1, வெளியே இருந்த 0.5-ஓடு பெருகியபோது பூச்சியமாக நிற்கவில்லை.

பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். ஆகவே, பூச்சியமாக்க நினைக்கும் தொகுதிக்கும் அந்தக் குணம் இருந்தாக வேண்டும். ஐடியல் என்பது பூச்சியமாக்கத் தகுதியுள்ள தொகுதி. நிபந்தனை அங்கிருந்துதான் வருகிறது.

மாணவிக்கு இது முதலில் கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. எல்லோரும் முதலில் பழகும் வளையம் முழு எண்கள். அங்கே பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான். 7×40 என்பது 40-ஐ ஏழு முறை கூட்டுவது. அதனால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அடைபட்ட எந்தத் தொகுதியும் அங்கே தானாகவே ஐடியல் ஆகிவிடுகிறது. வேறுபாடு தெரிய வேண்டுமானால் பின்னங்களுக்கோ பல்லுறுப்புக் கோவைகளுக்கோ போக வேண்டும். பாடத்தை முழு எண்களோடு நிறுத்திவிடும் வகுப்பில் இந்த நிபந்தனை காரணமில்லாத சட்டமாகத்தான் தெரியும்.

1871-இல் ஜெர்மானியக் கணிதர் ரிச்சர்ட் டெடிகிண்ட் ஐடியலை வரையறுத்தபோது அவர் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தார். சில எண் அமைப்புகளில் 6 என்ற எண்ணையே இரண்டு வெவ்வேறு விதமாகப் பகாக் காரணிகளாக உடைக்க முடிகிறது. இதைச் சரிசெய்ய, அங்கே இல்லாத காரணிகளை இருப்பதாகக் கொண்டு எர்ன்ஸ்ட் கும்மர் 1840-களில் கணக்கிட்டிருந்தார். டெடிகிண்ட் அந்தக் கற்பனைக் காரணிக்குப் பதிலாக, அதனால் வகுபடும் எண்களின் தொகுதியையே எடுத்துக்கொண்டார். வகுபடும் இரண்டைக் கூட்டினால் வகுபடும். வகுபடும் ஒன்றை எதனால் பெருக்கினாலும் வகுபடும். இரண்டாவது வாக்கியத்தில் ‘எதனால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மாணவி கேட்ட வெளி எண்கள் அதில்தான் இருக்கின்றன.

இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள், முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் மாறிலிகள் மட்டும் ஓர் உள்வளையம். அவற்றைப் பூச்சியமாக்கினால் 1-உம் பூச்சியமாகும், x என்பது 1×x என்பதால் அதுவும் பூச்சியம், ஒன்றுமே மிஞ்சாது. மாறாக, மாறிலி உறுப்பு இல்லாத கோவைகளையெல்லாம் பூச்சியமாக்கிப் பாருங்கள். எது மிஞ்சுகிறது என்பதைத் தாளில் எழுதிக் கண்டுபிடியுங்கள்.