எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம்

2003-இல் 501 ரூபாய் கட்டினால் கைப்பேசி என்று ரிலையன்ஸ் அறிவித்தபோதுதான் நம்மில் பலர் சிடிஎம்ஏ என்ற சொல்லை முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். அந்தக் கைப்பேசியில் சிம் கார்டு கிடையாது, வேறு நிறுவனத்துக்கு மாறினால் அது பயன்படாது என்பதெல்லாம் கடைவாசலில் பேசப்பட்டன. அதைவிட விசித்திரமான செய்தி ஒன்று பேசப்படவில்லை. ஒரு கோபுரத்தைச் சுற்றி அந்தக் கைப்பேசி வைத்திருந்த எல்லோரும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வானொலி நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஆளுக்கோர் அலைவரிசை வைத்துக்கொள்கின்றன. அப்போதைய ஜிஎஸ்எம் கைப்பேசிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டன. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பலமுறை முறை வந்துபோவதால் பேசுபவருக்கு அது தெரியாது. சிடிஎம்ஏ இரண்டையும் செய்யவில்லை. 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடத்தில் எல்லோருடைய பேச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலந்தது. கலந்ததைக் கோபுரம் பிரித்தெடுத்தது.

பாடப்புத்தகங்களில் இதற்கு ஓர் உவமை உண்டு. கூடம் நிறையப் பல மொழிக்காரர்கள் பேசினாலும் தமிழ் தெரிந்தவர் காதில் தமிழ் தனியாக விழும் என்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே யாரும் எதையும் புரிந்துகொள்வதில்லை. நடப்பது வெறும் கணக்கு. எதிர்ம எண்களைப் பெருக்கிக் கூட்டத் தெரிந்தால் போதும், நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

மீனா, குமார், ரஹீம், செல்வி என்று நால்வர். ஒவ்வொருவருக்கும் +1, −1 இரண்டால் ஆன நான்கு எண்கள் கொண்ட ஒரு வரிசை தரப்பட்டிருக்கிறது. இந்த ஒவ்வொரு துணுக்குக்கும் பெயர் சிப். வரிசைக்குப் பெயர் சிப் வரிசை.

```
மீனா     +1  −1  +1  −1
குமார்    +1  +1  −1  −1
ரஹீம்    +1  −1  −1  +1
செல்வி   +1  +1  +1  +1
```

விதி எளியது. 1 என்ற பிட்டை அனுப்ப வேண்டுமானால் உங்கள் வரிசையை அப்படியே அனுப்புங்கள். 0 அனுப்ப வேண்டுமானால் குறிகளையெல்லாம் தலைகீழாக்கி அனுப்புங்கள். சொல்ல ஒன்றுமில்லையென்றால் சும்மா இருங்கள்.

இப்போது மீனா 1 அனுப்புகிறாள், குமார் 0 அனுப்புகிறான், ரஹீம் 1 அனுப்புகிறான். செல்வி பேசவில்லை. மூன்று அலைகளும் காற்றில் கூடிக் கோபுரத்துக்கு வந்து சேர்கின்றன.

```
மீனா (1)     +1  −1  +1  −1
குமார் (0)    −1  −1  +1  +1
ரஹீம் (1)    +1  −1  −1  +1
வந்து சேர்வது  +1  −3  +1  +1
```

கோபுரத்துக்குத் தெரிவது கடைசி வரி மட்டுமே. அதில் யார் என்ன சொன்னார் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லாததுபோல் இருக்கிறது. ஆனால் அதை மீனாவின் வரிசையோடு இடத்துக்கு இடம் பெருக்கி, கிடைப்பதைக் கூட்டிப் பாருங்கள்.

```
மீனா     +1 +3 +1 −1 = +4
குமார்    +1 −3 −1 −1 = −4
ரஹீம்    +1 +3 −1 +1 = +4
செல்வி   +1 −3 +1 +1 =  0
```

நான்கால் வகுத்தால் மீனா +1, குமார் −1, ரஹீம் +1. அதாவது 1, 0, 1. செல்விக்குப் பூச்சியம், அவள் வாய் திறக்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

இது எப்படி முடிந்தது? மேலே உள்ள வரிசைகளில் எந்த இரண்டை எடுத்துப் பெருக்கிக் கூட்டினாலும் பூச்சியம்தான் வரும். மீனாவின் வரிசையால் பெருக்கும்போது குமாரும் ரஹீமும் தங்களுக்குள்ளேயே கூட்டிக் கழித்துக் காணாமல் போகிறார்கள். மீனா மட்டும் நான்கு மடங்காகி நிற்கிறாள். ஜோசப் வால்ஷ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1923-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த வரிசைகள் இவை. கைப்பேசி அவர் நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. குவால்காம் நிறுவனம் உருவாக்கி, ரிலையன்ஸ் வலையமைப்புக்கும் அடித்தளமாக இருந்த சிடிஎம்ஏ முறையில் கோபுரம் 64 சிப் நீளமுள்ள 64 வால்ஷ் வரிசைகளைப் பயன்படுத்தியது. செல்வியுடையதைப் போல எல்லாம் +1 ஆக உள்ள வரிசை எவருக்கும் கொடுக்கப்படவில்லை. கைப்பேசிகள் தேடிக் கண்டுபிடிப்பதற்காகக் கோபுரம் எப்போதும் எழுப்பும் வழிகாட்டி அலைக்கு அது ஒதுக்கப்பட்டது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு பிட் அனுப்பும் நேரத்தில் நான்கு சிப்கள் அனுப்பினால் அலை நான்கு மடங்கு வேகமாகக் குறி மாற வேண்டும். வேகமாக மாறும் அலைக்கு அகலமான தடம் தேவை. சிறு தடத்தில் அடங்கக்கூடிய செய்தியை வேண்டுமென்றே பெரிய தடத்தில் பரப்பி அனுப்புவதால்தான் இதை ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம், அதாவது பரவல் அலைக்கற்றை முறை என்கிறார்கள். தடம் அகலமானாலும் அதில் பலர் இருப்பதால் நஷ்டமில்லை.

கணக்கு இவ்வளவு அழகாக முடிந்ததற்கு நான் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. நால்வருடைய முதல் சிப்பும் ஒரே நொடியில் வந்து சேர வேண்டும். ரஹீமின் அலை ஒரே ஒரு சிப் தாமதமாக வருகிறது என்று வையுங்கள். இதற்கு முந்தைய பிட்டும் 1 என்றால் அதன் கடைசி +1 இந்த வரிசையின் தலையில் ஏறிக்கொள்ளும். அவன் வரிசை +1 +1 −1 −1 ஆகிவிடும். மேலே பாருங்கள், அது குமாருடைய வரிசை! குமார் 0 அனுப்பியதால் இருவரும் ஒருவரையொருவர் முழுதாக அழித்துவிடுகிறார்கள். வந்து சேர்வது +1 −1 +1 −1 மட்டுமே. குமாருக்குக் கணக்குப் போட்டால் 0, ரஹீமுக்கும் 0. இரண்டு பேர் தொண்டை கிழியப் பேசியிருக்க, கோபுரம் இருவரும் மௌனம் என்று முடிவுகட்டும்.

நொடிக்கு 12,28,800 சிப்கள் என்பது அந்த முறையின் வேகம். ஒரு சிப் நேரத்தில் வானொலி அலை 244 மீட்டர் போகும். ஆக, ரஹீம் அடுத்த தெருவில் நின்றாலே இந்த விபத்து நடக்கும். கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வரும் திசையில் அனுப்புபவர் ஒருவரே, ஆகவே எல்லா வரிசைகளும் ஒழுங்காகச் சேர்ந்தே கிளம்புகின்றன. வால்ஷ் அங்கே வேலை செய்யும். கைப்பேசிகளிலிருந்து கோபுரத்துக்குப் போகும் திசையில் ஆட்களைப் பிரிக்க அதை நம்ப முடியாது. அங்கே ஒழுங்கே இல்லாததுபோல் தோன்றும், மிக நீண்ட வரிசையைப் பயன்படுத்தினார்கள். அதே வேகத்தில் ஓடினாலும் அது மறுபடி முதலிலிருந்து தொடங்க 41 நாட்கள் ஆகும். எவ்வளவு தள்ளி வந்தாலும் இத்தகைய வரிசை இன்னொன்றைப்போல் ஆகிவிடாது. ஆனால் பெருக்கிக் கூட்டினால் சுத்தமான பூச்சியமும் வராது. கொஞ்சம் மிச்சம் நிற்கும்.

அந்த மிச்சம்தான் சிடிஎம்ஏ பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. பக்கத்தில் இருப்பவரின் அலை பலமானது என்றால் அவர் விட்டுச்செல்லும் மிச்சமும் பலமானது. கோபுரத்திலிருந்து 100 மீட்டரில் ஒருவர், 2 கிலோமீட்டரில் ஒருவர். திறந்த வெளியிலேயே முன்னவரின் அலை 400 மடங்கு சக்தியோடு வந்து சேரும். கட்டடங்கள் நிறைந்த ஊரில் வித்தியாசம் லட்சம் மடங்கைத் தாண்டலாம். முன்னவரின் மிச்சத்தில் பின்னவர் மூழ்கிப்போவார். குவால்காம் 1989-இல் சான் டியேகோவில் இந்த முறையை இயக்கிக் காட்டும்வரை, இது நடக்காது என்று பலர் சொன்னதற்கு இதுவே முக்கியமான காரணம். தீர்வு முரட்டுத்தனமானது. கோபுரம் ஒவ்வொரு கைப்பேசியிடமும் நொடிக்கு 800 முறை ‘குறை’ அல்லது ‘கூட்டு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எல்லோருடைய குரலும் கோபுரத்தின் காதில் ஏறத்தாழ ஒரே அளவில் விழும்வரை விடாது.

அதன்பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சியது. பேசுபவர்கள் கூடக் கூட எல்லோருடைய மிச்சமும் சேர்ந்து இரைச்சலாகும். அதை மீறிக் கேட்க ஒவ்வொரு கைப்பேசியும் சக்தியைக் கூட்டும். எல்லையில் இருப்பவரால் அதற்குமேல் கூட்ட முடியாமல் இணைப்பு அறுந்துவிடும். ஆக, கூட்ட நேரத்தில் கோபுரத்தின் வீச்சு சுருங்கும், இரவில் விரியும். செல் மூச்சுவிடுகிறது என்பார்கள் பொறியாளர்கள். திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் பேச்சு உடைந்து உடைந்து கேட்டதற்கும் இத்தகைய நெரிசல் ஒரு காரணம். கோடுகள் வந்து சேரும் மொத்த சக்தியைக் காட்டலாம்; அதில் எத்தனை பங்கு உங்கள் கோபுரத்தின் வழிகாட்டி அலை என்பதைக் காட்டாது. பழுது பார்க்கப் போனவர்கள் அந்தப் பங்கைத்தான் முதலில் அளந்தார்கள்.

இந்தியாவில் சிடிஎம்ஏ கைப்பேசிகள் போய்விட்டன. 4ஜி வேறு வழியைப் பிடித்தது. கணக்கு மட்டும் இன்றைக்கும் நம் சட்டைப்பையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனைத்தும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1,023 சிப் நீளமுள்ள ஒரு வரிசை. ராபர்ட் கோல்ட் 1967-இல் வெளியிட்ட முறையில் அமைந்தவை இவை. சரியாகப் பொருந்தினால் கூட்டுத்தொகை 1,023. வேறொரு செயற்கைக்கோளின் வரிசையோடு பெருக்கினால், எப்படித் தள்ளி வைத்தாலும், −1, 63, −65 என்ற மூன்றில் ஒன்றுதான் வரும். மிச்சம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்த வரிசைகள்.

எல்லாச் செயற்கைக்கோள்களும் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் பக்கம், தூரம் என்ற தகராறு அங்கே பெரிதாக இல்லை. தகராறு இரைச்சலோடுதான். வந்து சேரும் அலையின் வீச்சு, ஏற்பியின் சொந்த இரைச்சலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு பிட்டுக்குள் அந்த வரிசை 20 முறை திரும்ப வருகிறது, மொத்தம் 20,460 சிப்கள். சரியான வரிசையால் பெருக்கிக் கூட்டினால் செய்தி 20,460 மடங்காகும். இரைச்சல் கூடியும் கழிந்தும் போவதால் அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கே, சுமார் 143 மடங்கே, வளரும். பத்து மடங்கு பெரிய இரைச்சலாக இருந்தாலும் 1,430தான். செய்தி மேலே வந்துவிடுகிறது.

இதற்குத் தன்னிடமுள்ள வரிசையை ஏற்பி மெல்ல நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். ரஹீமையும் குமாரையும் கவிழ்த்த அதே தாமதம் இங்கே விடையாகிறது. எந்த இடத்தில் பொருந்தியது என்பதிலிருந்து அலை வந்த நேரம் தெரிகிறது; நேரத்திலிருந்து தூரம். ஒரு சிப் என்றால் 293 மீட்டர். சிப்பின் சிறு பின்னம்வரை பொருத்தம் பார்ப்பதால் ஏற்பி சில மீட்டர் துல்லியத்தை எட்டுகிறது.

பக்கத்தில் இருப்பவர் கத்தினால் மட்டும் இந்தக் கணக்கு தாங்காது. அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில் விமானங்கள் தரையிறங்க ஜிபிஎஸ் சார்ந்த வழிகாட்டும் கருவி அடிக்கடி தடுமாறியது. தேடிப்பார்த்ததில், தன் வண்டி எங்கே போகிறது என்று முதலாளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஒரு ஓட்டுநர் ஜிபிஎஸ்ஸைக் குழப்பும் சிறு கருவி ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு அந்த வழியே போய்வந்தது தெரிந்தது. 2013-இல் அவருக்குச் சுமார் 32,000 டாலர் அபராதம் விதித்தார்கள்.