எந்தத் தெரு, எந்தக் கம்பம்?

தேர்வில் விண்ணப்பக் கடிதம் எழுதும் மாணவருக்கு வடிவம் மனப்பாடம். அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். நடுவில் இப்படி எழுதியிருப்பார்: "எங்கள் ஊரில் தெருவிளக்கு எரியவில்லை. மக்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." இதே கடிதம் ஊராட்சி மன்றத் தலைவர் கைக்குப் போனால், ஆளை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்பில் ஒரு கடிதத்தை உண்மையாகவே அனுப்புவோம் என்று முடிவு செய்தால், வேலை எழுதுவதில் தொடங்காது. யாருக்கு என்பதில் தொடங்கும். கிராமத்தில் தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. பேருந்து நிற்காமல் போனால் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை மேலாளருக்கு எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மாவட்ட ஆட்சியரைப் பிடிப்பது பிள்ளைகளின் வழக்கம், பெரியவர்களின் வழக்கமும்தான். பிறகு ஒரு மாலை நேரில் போய்ப் பார்த்து, கம்பத்தில் எழுதியுள்ள எண்ணையும் எத்தனை நாளாக இருட்டு என்பதையும் குறித்து வரவேண்டும்.

முதல் வரைவில் பிழை பார்க்க வேண்டாம். சிவப்பு மையைக் கண்டதும் மாணவர் ரகர றகரத்தைத் திருத்துவார். காலியாக இருக்கும் செய்தி காலியாகவே கிடக்கும். இந்த வரைவைத்தான் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக் கொடுக்கிறோம். அவர் தலைவராக இருந்து படிக்க வேண்டும்.

அவர் கையில் ஒரு சரிபார்ப்புத் தாள் இருக்கும். 'தெளிவாக உள்ளதா?' என்று அதில் கேட்டால், நண்பனைக் காப்பாற்ற 'ஆம்' என்று குறிபோட்டுவிடுவார். அதனால் கேள்விகள் விரலை வரியின்மேல் வைக்கச் சொல்ல வேண்டும்: இடத்தைச் சொல்லும் சொற்களை அடிக்கோடிடு. எப்போதிலிருந்து என்பதை வட்டமிடு. என்ன செய்யச் சொல்கிறார் என்பதை உன் சொற்களில் ஒரே வரியில் எழுது. படித்த பிறகும் உனக்கு எழும் ஒரு கேள்வியை ஓரத்தில் எழுது. அடிக்கோடு போட இடமே இல்லையென்றால் எழுதியவருக்குக் குறை தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டாம் வரைவு இப்படி வரலாம்: "பள்ளிக்கூடத் தெருவில் 14ஆம் எண் கம்பத்தின் விளக்கு சென்ற மாதம் 3ஆம் தேதியிலிருந்து எரியவில்லை. மாலை வகுப்பு முடிந்து 6.30 மணிக்கு அவ்வழியே நடந்து போகிறோம். விளக்கை மாற்றித் தர வேண்டுகிறோம்." சிரமம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. எழுத்துப்பிழையும் சந்தியும் இதற்குப் பிறகுதான்.

அனுப்புநர் முகவரியாகப் பள்ளி முகவரியே போதும். மாணவர் வீட்டு முகவரி வேண்டாம். ஒரே குறைக்கு வகுப்பே தனித்தனியாக எழுதாமல், ஒரு கடிதத்தில் எல்லாரும் கையெழுத்திடலாம். பதில் வராமலும் போகும். அப்போது நினைவூட்டுக் கடிதம் எழுதவேண்டும். பழைய கடிதத்தின் தேதியைச் சொல்லும் 'பார்வை' என்ற வரி எதற்கு என்று பிள்ளைகளுக்கு அன்றுதான் புரியும்.